ஓரத்தில் ஒரு அங்குலம்

துணியை வெட்டும்போது ஓரத்தில் ஒரு அங்குலம் விடாமல் எனக்குக் கை போகாது. ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் இளைப்பதில்லை, பருப்பார்கள். உள்ளே மடித்து விட்ட துணி இருந்தால் பிரித்துத் தைக்கலாம். இல்லாவிட்டால் அவர்கள் வாசலில் நின்று பேசுவதைக் கேட்க வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் இந்த ஒரு அங்குலம்தான்.

உத்திரமேரூரில் தையல் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. தையல் தேர்வு பாஸ் பண்ணிச் சான்றிதழ் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார் அந்த நிலையத்து அம்மா. கை வேலைக்கு நான் பயப்படவில்லை. எழுத்துப் பரீட்சை என்றதும் நோட்டு கேட்டு நாலு பேரிடம் அலைந்தேன். முன்பே பாஸ் பண்ணிய வாலாஜாபாத் அக்கா ஒருவர் தன் நோட்டை ஸ்கேன் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். நூற்று நாற்பது பக்கம். அனுப்பிய மறுநாளே அவர் போனையும் நோட்டையும் சேர்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டார்.

என் போன் உள்ளங்கை அளவு. நோட்டின் நடுவில் எழுத்து, சுற்றிலும் நாலு பக்கமும் வெறும் வெள்ளை. போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு. பெரிசாக்கினால் பாதி வரி வெளியே ஓடும். விரலால் இடதுக்கும் வலதுக்கும் தள்ளித் தள்ளி வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும்.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னாடி, போனுக்கு இஸ்திரி போட்டுக்கினு கீற?"

"படிக்கறேங்க."

"பட்ச்சா வாய்தான் ஆடும், கையுமா ஆடும்?"

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங், லேமினேஷன் எல்லாம் பண்ணும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். போனை நீட்டினேன். "வெள்ள ஓரத்த வெட்டிட்டா எழுத்து தானா பெர்சாய்டும்மா, அஞ்சு நிமிஷம்" என்றார். ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முதல் பக்கத்தில் எழுத்தைச் சுற்றிச் சுட்டியால் ஒரு கட்டம் இழுத்தார். அது எழுத்தை ஒட்டி அவ்வளவு நெருக்கமாக இருந்ததைப் பார்த்ததும் கை நீட்டித் தடுத்தேன்.

"அண்ணா, ஓரத்துல கொஞ்சம் வுடுங்கண்ணா."

"எதுக்கும்மா?"

"பின்னால வேணும்னா?"

"இது இன்னா ஜாக்கெட்டா, பருத்துட்டா பிரிச்சிப் போட?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தாலும் நான் விடவில்லை. நாலு பக்கமும் ஒரு அங்குலம் விடச் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சோடு கட்டத்தைப் பெரிசாக்கி, எல்லாப் பக்கத்துக்கும் என்று குறித்துவிட்டார். வீட்டுக்கு வந்து திறந்தால் எறும்பு கட்டெறும்பு ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மறுபடி போனேன்.

"இன்னாம்மா, வுட்ட துணி ஜாஸ்தியாய்ட்ச்சா?"

"ஒட்ட வெட்டிடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். என் போனில் இருந்த பழைய ஃபைலை அவர் மறுபடி ஏற்றி, முதல் பக்கத்தில் எழுத்தை ஒட்டிக் கட்டம் போட்டு, நூற்று நாற்பது பக்கத்துக்கும் ஒரே வெட்டு. எழுத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. வெட்டுவதற்கு முன் ஐம்பத்திரண்டு எம்பி, வெட்டிய பிறகும் ஐம்பத்திரண்டு எம்பி.

"இவ்ளோ வெட்டியும் எடை கொறையலியேண்ணா?"

"அது அப்டித்தாம்மா கீது. பேஜார் பண்ணாத, பின்னால ஆள் நிக்கறாங்க பாரு."

இடமில்லை, இடமில்லை என்று போன் வேறு கத்திக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து, பழைய ஃபைலையும் கட்டெறும்பு ஃபைலையும் அழித்தேன். அழித்த பிறகுதான் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன்.

ஒவ்வொரு வரிக்கும் தலை இல்லை. முதல் இரண்டு, மூன்று எழுத்தைக் காணோம். மூன்றாம் பக்கம் சரி. நாலாம் பக்கம் மறுபடி தலை இல்லை. பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது பற்றிய பாடம் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வெட்டுப்பட்டுக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பரீட்சைக்கு ஒன்பது நாள். மூல நோட்டு தொட்டித் தண்ணீரில். கடையில் கொடுக்கிற ஃபைலை எல்லாம் சாயங்காலமே அழித்துவிடுவோம் என்று அந்த அண்ணன் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர், "வெட்டின ஓரம் எங்கியாவுது வியுந்துதானே இருக்கும்?" என்றார். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வெட்டிய துணி கீழேதான் விழும். கூட்டி அள்ளினால் கிடைக்கும்.

காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அண்ணன் ஷட்டரைத் தூக்கியதும் கேட்டேன்.

"அண்ணா, குப்பைய கொட்டிட்டீங்களா?"

அவர் கல்லாவுக்குக் கீழே இருந்த கூடையைக் காட்டினார். ஜெராக்ஸில் சிக்கிக் கிழிந்த தாள், லேமினேஷன் ஓரத் துண்டு. நான் குனிந்து கிளறவே ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னாம்மா தேடற?"

"என் ஓரம்."

அவருக்குப் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் போனை வாங்கி, தலை போன ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து, வெட்டிய அளவையெல்லாம் பூஜ்யம் ஆக்கினார். அவ்வளவுதான். வெள்ளை ஓரம் நாலு பக்கமும் திரும்பி வந்தது. தலை வந்தது. காஜா வந்தது. ஒரு பக்கத்தின் மூலையில் அந்த வாலாஜாபாத் அக்காவின் கட்டைவிரல்கூட, நெயில் பாலிஷோடு, வந்து நின்றது.

"இது வெட்டறது இல்லம்மா. மறைக்கறது. உள்ளேயே மட்ச்சி வெச்சிக்கினு கீது. அதனாலதான் எடை கொறையல."

"அப்ப உள்ள துணி விட்டிருக்குன்னு மொதல்லியே சொல்லியிருக்கலாம் இல்லண்ணா? ராத்திரி பூரா தூங்கல."

"நீ துணி கணக்குல கேப்பன்னு நான் இன்னா கனவா கண்டேன்?"

தவறு எங்கே என்றும் பார்த்தார். தைத்த நோட்டு என்பதால், ஒற்றைப்படைப் பக்கத்தில் தையல் இடது பக்கம், எழுத்து வலது பக்கம் தள்ளி இருக்கிறது. இரட்டைப்படையில் அதற்கு நேர்மாறு. ஒரே கட்டத்தை எல்லாவற்றுக்கும் போட்டதில் பாதிக்குத் தலை போயிருக்கிறது.

"ஜாக்கெட்டோட வலது, எடது ரெண்டு முன்பக்கத்துக்கும் அளவு பேப்பர ஒரே மாதிரி வெச்சி யாராவது வெட்டுவாங்களாண்ணா? திருப்பிப் போட வேணாமா?" என்றேன். கம்ப்யூட்டர் கடையில் நான் பேசிய பேச்சில் அதுதான் கொஞ்சம் அதட்டலானது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஒற்றைக்கு ஒரு கட்டம், இரட்டைக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாகப் போட்டார். நூற்று நாற்பது பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த பிறகுதான் எழுந்தேன். பின்னால் நின்றவர் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். வெட்டாத பிரதி ஒன்றை வீட்டுக்காரர் போனிலும் ஏற்றினேன். அவர் அதைத் தொடக்கூடாது என்று சத்தியமும் வாங்கினேன்.

மீதி எட்டு நாளும் படித்தேன். விரல் மேலிருந்து கீழே மட்டும்தான் போனது. இஸ்திரி நின்றது.

ஆனால் பயம் எங்கே நிற்கும்? பரீட்சை ஹாலில் விடைத்தாளைப் பார்த்ததும், திருத்துகிற இடத்தில் இதையும் ஸ்கேன் எடுத்து ஓரத்தை வெட்டிவிட்டால் என்று தோன்றிவிட்டது. நாலு பக்கமும் இரண்டு விரல் விட்டு, நடுவில் வரிக்கு மூன்று சொல்லாக எழுதினேன். மூன்றாம் தடவை கூடுதல் தாள் கேட்டபோது மேற்பார்வை பார்த்த டீச்சர் என் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, எழுதறியா, கட்டம் கட்டறியா?" என்றார்.

பாஸ் பண்ணினேன். சான்றிதழ் வந்ததும் நேராக அதே கடைக்குத்தான் லேமினேஷன் போடப் போனேன். சூடாக வெளியே வந்த பிளாஸ்டிக்கை அண்ணன் கத்தரியோடு கையில் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"கத்தாத. இதுல நெஜமாவே ஓரம் வுடணும். ஒட்ட வெட்டினா பிரிஞ்சிக்கும்."

"எவ்ளோ வுடுவீங்க?"

"கால் அங்குலம் போதும்மா."

"ஒரு அங்குலமா வுடுங்கண்ணா."

அவர் கத்தரியை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.