வெள்ளைப்பூவும் இணைச்சீர்ச் சேலையும்

அப்படியென்றால் ஊர்ப் பேரைச் சொன்னான், வீட்டைச் சொல்லவில்லை. அதுதானே அம்மணி? உன் மகளைப் பார்க்க வந்தவனைத்தான் கேட்கிறேன். கடிதம் போடுவதாக இருந்தால் ஆபீசுக்கே போடுங்கள் என்றானாமே. சிரிக்காதே. இப்படி உட்கார், இந்த அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டே கேள். எனக்கும் இப்படி ஒருவன் வந்தான். அவனுக்கு நான் கழுத்தை நீட்டியிருந்தால் இன்றைக்கு உனக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்திருக்க மாட்டேன்.

கோயமுத்தூருக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்த புதிது. எங்களுக்குக் கணபதிக்குக் கிழக்கே கிணற்றுத் தோட்டம். எங்கள் அய்யனுக்கு நான் ஒரே பெண், தோட்டமும் எனக்குத்தான். இதை மறந்துவிடாதே, பின்னால் வேண்டியிருக்கும். அய்யனின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். மூக்குப்பொடி போடுவாள். அந்த வாசனைக்கு எங்கள் எருமைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வந்தவனுக்கு வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் ரைட்டர் உத்தியோகம். சட்டை, கோட்டு, வாரிவிட்ட தலை. பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று, பொய் சொல்வானேன்? கூட வந்தது ஒரு தரகரும் ஒரு சிநேகிதனும் மட்டும்தான். தாய்மாமன் இல்லை, பங்காளி இல்லை. மலையிலிருந்து இறங்கிவர பஸ் தோதுப்படவில்லை என்றார் தரகர். கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லோரும் சிரித்ததில் மாமனை மறந்துவிட்டோம்.

அப்போது பண்ணையத்தாள் ஒருத்தியின் குழந்தை வாசலில் வீறிட்டு அழுதது. அவன் எழுந்து போனான். ஒரு கையால் கழுத்தைத் தாங்கி எடுத்து, தோளில் சாய்த்து, முதுகைக் கீழிருந்து மேலாக நீவினான். குழந்தை ஏப்பம் விட்டு அடங்கியது. "தங்கமான மனசு" என்றாள் அம்மா. சமையல்கட்டில் அத்தை என் காதோரம் வந்தாள்.

"பொறந்த கொழந்தயக் கண்டா கல்யாணமாகாத பயலுக கை நடுங்கும் கண்ணு. இவன் கை நடுங்குலியே."

"உங்களுக்கு எல்லாமே குத்தந்தானுங்க அத்தே" என்றேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கடிதத்தை எஸ்டேட்டுக்குப் போடக் கூடாதாம், துரை பிரித்துப் பார்ப்பாராம். பொள்ளாச்சியில் ஒரு கடை விலாசம் கொடுத்தான். வீடு பார்க்க வருகிறோம் என்றால், அட்டைக் கடி, மலைக் காய்ச்சல் என்று சாக்கு. டவுனில் போட்டோ எடுக்கலாம் என்றதற்குக் கண் வலி. நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்ள ஊரைக் கூட்ட வேண்டாம், நம்ம நாலு பேர் போதும் என்றான். கல்யாணம்கூட ஏதோ மலைக்கோயிலில் சுருக்கமாக வேண்டுமாம்.

இத்தனைக்கும் அய்யன் ஏன் விசாரிக்கவில்லை என்கிறாயா? அதுதான் எங்கள் ஆட்களின் கூத்து. ஜாதகத்தைவிட எங்களுக்குப் பூ பெரிது. வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன் வைப்போம். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம் என்று அய்யன் நினைத்துக்கொண்டார். வெள்ளையே வந்தது.

"பூக் கேட்டாச்சுக்கா. சாமியே குடுத்துருச்சு. இனிமே ஊர் ஊராத் தொளாவுனா சாமியவே சந்தேகப்பட்டாப்பல ஆயிரும்" என்றார் அத்தையிடம்.

"சாமி பூவத்தான குடுத்துச்சு. கண்ணையும் அதுதான குடுத்துச்சு, மூடிக்கவா சொல்லுச்சு?"

அய்யன் அந்த வாடிய பூவை மஞ்சள் துணியில் முடிந்து மடியிலேயே வைத்திருந்தார்.

கோனியம்மன் தேருக்கு டவுனுக்குப் போனோம். அவனும் வந்திருந்தான், ஆனால் எங்களோடு சேர்ந்து நடக்கவில்லை. நாலு எட்டு தள்ளியே வந்தான். கூட்டத்துக்குக் கூச்சம் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனேன், கழுதை. வளையல் கடை முன்னால் எஸ்டேட் லயத்துக்காரி ஒருத்தி, கூலிப் பெண், அவனைக் கண்டு முகம் மலர்ந்து நின்றாள்.

"ரைட்டரய்யா! பாப்பாவுக்குக் காச்சல் நின்னுச்சுங்களா? உங்க வீட்டம்மா ராவும் பகலும் அழுதுட்டிருந்தாங்களே!"

அவன் துண்டைத் தலைமேல் இழுத்துவிட்டான். "ஆளு மாறிக் கேக்குற, போ" என்றான். குரல் தேன் மாதிரி இருந்தது, கண் மட்டும் அப்படி இல்லை. அந்தப் பெண் அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் மறைந்துவிட்டாள். அவ்வளவு மேளத்தில் ஒரு சத்தமும் என் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். அய்யன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாரே தவிர அசையவில்லை. உப்புச்சர்க்கரைக்கு நாலு நாள்தான் இருந்தது. அதை மாற்றியாகிவிட்டால் பேச்சு முடிந்தது, நான் அவன் வீட்டுப் பெண்.

அத்தை ஒரு காரியம் செய்தாள். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அவன் அக்காவோ தங்கையோ இணைச்சீர் செய்ய வேண்டும். அன்றைக்கு அவள்தான் ராணி. எங்கள் வகையறாவில் அது ஒருவனுக்கு முதல் கல்யாணத்தில் மட்டும்தான், இரண்டாம் தரம் கிடையாது. அவனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அக்கா இருப்பது தரகர் வாயிலிருந்து தவறி வந்திருந்தது. "இணைச்சீருக்குச் சேல எடுக்கோணும், என்ன நெறம் புடிக்குமுன்னு கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டி கட்டிப் போனாள். பூவைச் சந்தேகப்பட்டதாகவும் ஆகாது பார்!

திரும்பி வந்தவள் என்னிடம்கூட வாயைத் திறக்கவில்லை. மூக்குப்பொடியும் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உப்புச்சர்க்கரை அன்றைக்கு அவன் வந்து பாயில் உட்கார்ந்தான். தட்டில் உப்பும் சர்க்கரையும் இருந்தன. அய்யன் தட்டைத் தூக்கப்போனார். "மாப்பிள்ளைக்குத் தாகமா இருக்கும், தண்ணி குடுங்க" என்றாள் அத்தை. சமையல்கட்டிலிருந்து அரக்குச் சேலை கட்டிய ஒருத்தி செம்போடு வந்தாள். விடிவதற்கு முன்பே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள் அவள்.

அவன் முதலில் சேலையைப் பார்த்தான். முகத்தை அப்புறம்தான் பார்த்தான்.

"தெரியுதா தம்பி? மூணு வருசத்துக்கு முன்னால உனக்கு இணைச்சீர் செய்யக் கட்டுனது. ரெண்டாவதுக்கும் எனக்குச் சேல எடுக்குறாங்களாமா. உம்பொண்டாட்டி கிட்டக் கேட்டியா, புள்ளைக்கும் ஒண்ணு எடுக்கறதான்னு?"

தரகர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"தோட்டம் சும்மா போகுதேன்னு..." என்று அவன் ஆரம்பித்தான். முடிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான் அம்மணி! கொஞ்சம்கூட வெட்கமில்லாத சிரிப்பு. பிறகு கோட்டை உதறிக்கொண்டு போய்விட்டான். அய்யன் மடியிலிருந்து அந்த முடிச்சை எடுத்துக் கிணற்றில் போட்டார். மறுநாளே சாமிக்குப் பயந்து கிடா நேர்ந்துகொண்டார், அது வேறு கதை.

அந்த அக்கா கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட்டாள். "நீ தப்பிச்ச கண்ணு. மலமேல ஒருத்தி இருக்குறாளே" என்றாள். அந்த ஒருத்தியை நான் பார்த்ததேயில்லை. அவன் அந்தச் சிரிப்போடுதானே அவள் வீட்டுக்குள் நுழைந்திருப்பான், அவளுக்கு என்ன ஆயிற்றோ. ஒரு வருஷம் கழித்து மதுக்கரைப் பக்கம் ஒரு வீட்டில் எஸ்டேட் ரைட்டர் பெண் பார்த்துப் போனான் என்று காதில் விழுந்தது. அத்தை அன்றைக்கே வண்டி கட்டச் சொன்னாள்.

உன் மகளைப் பார்த்தவனுக்கு அக்கா தங்கை உண்டா? எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள்? கேட்கவே இல்லையா? கேளு அம்மணி, இன்றைக்கே... அடடா, குழாயில் தண்ணி வந்துருச்சு! கொடத்த எடு, கொடத்த எடு, நின்னுறப் போகுது!