சினிமா மோடில் செய்தி

நியூஸ் மோடில் வைத்தால் டி.வி.யோடு இணைத்த சவுண்ட்பார் ஒலிபெருக்கி சீக்கிரம் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதாகக் கணவரின் தம்பி சொன்னாராம். அன்றிலிருந்து கணவர் செய்தியைக்கூட மூவி மோடில்தான் கேட்டார். அதில் தம் தம்மென்ற கனத்த ஒலி தரையை அதிரவைத்தது, பேச்சு அமுங்கிப்போனது. காது மந்தமான மனிதர், பேச்சுக்காக ஒலியை இன்னும் கூட்டினார். கீழ்வீட்டார் புகார் சொல்ல, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவதாக எச்சரித்திருந்தார்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஈர விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் ரிமோட்டை வாங்கி நியூஸ் மோடுக்கு மாற்றினாள். அதிர்வு அடங்கியது, செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாக முன்னால் வந்தது. ஒலியைப் பாதியாகக் குறைத்தாள்.

“கேக்குதா?”

“கேக்குது. ஆனா ஜலதோஷம் பிடிச்சவன் மாதிரி பேசுறான்.”

“பாட்டுன்னா மியூசிக்ல போடுங்க, குரல் இயல்பா இருக்கும். பேச்சுக்கு இதுதான்.”

“கெட்டுப்போச்சுன்னா?”

“போகட்டும். வீடு போச்சுன்னா உங்க தம்பி வீட்டுலயா போய்க் குந்துறது?”

அப்போது மேசைமேல் கைப்பேசி ஒலித்தது. வீட்டுக்காரர்.

“நீயே எடும்மா.”

“கெஞ்சிக் கெஞ்சி என் தொண்டையே வத்திப்போச்சு. இன்னைக்கு நீங்க பேசுங்க.”

அவள் நாற்காலியில் சரிந்தாள். கைப்பேசியை நோக்கி நீண்ட அவர் கை பாதிவழியில் நின்றது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.