அந்த வார்த்தையை ஒரு பிள்ளை சொன்னால் டீச்சர் என்ன செய்வது

எங்கள் வட்டாரத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவோம். காலையில் ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார், பிறகு ஒருவர் ஏதாவது தலைப்பில் பேசுவார். டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தால் எல்லோரும் விழித்திருப்போம். வராவிட்டால் பாதிப்பேர் தூக்கம், மீதிப்பேர் சம்பள உயர்வைப் பற்றிப் பேச்சு. அப்படி ஒரு கூட்டத்தில்தான் என்னைப் பேசச் சொன்னார்கள். நானாகக் கேட்டுப் போகவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. திருப்பூரில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் ஒன்று எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் குடியேறியிருந்தது. அப்பா தமிழர், பனியன் கம்பெனியில் மிஷினில் தைப்பவர். அம்மா பர்மாக்காரி. மகள் என் வகுப்பில் சேர்ந்தாள். கணக்கில் கெட்டி. அம்மாவின் முகம் அப்படியே அவளுக்கு.

ஒருநாள் பம்படியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு பையன் அவளை, “தள்ளுடி, சப்பமூக்குச் சீனாக்காரி” என்றான். சீனாவோடு சண்டை நடந்து சில வருடங்களே ஆகியிருந்ததால், எங்கள் ஊரில் அந்த முகம் கொண்ட யாரும் சீனாக்காரர்தான். பக்கத்திலிருந்த டிரில் மாஸ்டர் பையனை இரண்டு சாத்து சாத்தினார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் பிரேயரில் இருவரையும் முன்னால் நிறுத்தி, “கையைக் குடு, மன்னிப்புக் கேளு” என்றார். அவனும் கேட்டான். “நீ மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா” என்று அவளைப் பிடித்தார். பள்ளிக்கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வாய்க்குள் ஏதோ முனகினாள். அன்று மதியத்துக்குப் பிறகு அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அம்மாதான் வந்தார். லுங்கியும் வெள்ளை ரவிக்கையும் உடுத்தி, வகுப்பு வாசலில் நின்றார். அவருடைய தமிழ் ரங்கூனில் கற்றது.

“டீச்சர், எம் மகள் மூக்கு என் மூக்கு. நாங்க என்ன செய்ய?”

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டேன். அழுதுவிடுவான் போலிருந்தது.

“இந்த வார்த்தையை எங்க கத்துக்கிட்ட, சாமி?”

“டிரில் சார்தானுங்க டீச்சர். லைன்ல நிக்கறப்ப ‘ஏ சீனாக்காரி, நேரா நில்லு’ம்பாருங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நான் சொன்னா மட்டும் அடிக்கறாருங்க.”

அவன் சொன்னதில் நியாயம் எங்கே குறைந்தது? நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரால் முடியாத காரியம் வந்தால் கண்ணாடி அழுக்காகிவிடும்.

“அவரு மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டுச் சொல்றதில்லீங்க டீச்சர். ஒண்ணு பண்ணலாம். சனிக்கிழமைக் கூட்டத்துல நீங்களே பேசிருங்களேன். பொதுவா.”

ஒரு மனிதரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டிய வேலைக்கு, ஊர்ப்பட்ட ஆசிரியர்களை உட்கார வைத்து நான் பிரசங்கம் செய்ய வேண்டும். எரிச்சலோடுதான் எழுதினேன். எழுதியதை அவர் வாங்கிப் பார்த்து, ஒரு பத்தியை அடித்துவிட்டார். பிள்ளைகள் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டும்போதும் இதே விதிதான் என்று எழுதியிருந்தேன். “பர்மாப் பிள்ளையப் பத்திப் பேசுங்க, போதும். அதை எதுக்கு இழுக்கறீங்க?” என்றார். மேலே ஒரு குறளும் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை.

கூட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். டிரில் மாஸ்டர் இரண்டாம் வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பித்தேன். வார்த்தை காதில் விழுந்த அந்தக் கணமே நிறுத்துங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வகுப்பு முழுக்க அதைச் சரி என்று எடுத்துக்கொள்ளும் என்றேன். கோபப்பட்டுக் கத்த வேண்டாம், அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லவும் வேண்டாம் என்றேன்.

ஒரு பெரியவர் எழுந்தார். “ஏனுங்க டீச்சர், மூக்குச் சப்பையா இருந்தா சப்பைன்னுதானுங்க சொல்லுவாங்க? நெட்டையன் குட்டையன்னு சொல்றதில்லீங்களா?”

சிரிப்பு. இன்ஸ்பெக்டரும் சிரித்தார்.

“குட்டையன்னு கூப்பிட்டா அவன் ஒருத்தனுக்குத்தானுங்க போகுது. இது அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கும் அம்மாவோட சனத்துக்கும் சேத்துப் போகுது. நீ இந்த ஊர் இல்ல, வெளிய போன்னு சொல்ற வார்த்தைங்க இது” என்றேன்.

“சின்னப் பசங்களுக்கு அவ்வளவெல்லாம் தெரியுமுங்களா?”

“சொல்றவனுக்குத் தெரியாம இருக்கலாம். கேக்கறவளுக்குத் தெரியுது. அவ பள்ளிக்கூடத்துக்கே வர்றதில்லைங்க.”

இன்னொருவர் இரண்டு அடி போட்டால் தீர்ந்தது என்றார். வேறொருவர் கை குலுக்க வைக்கலாமே என்றார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. அடித்தால் அடுத்த முறை டீச்சர் காதில் விழாமல் சொல்லக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். கை குலுக்க வைத்தால், திட்டு வாங்கிய பிள்ளை மன்னித்தே ஆக வேண்டும் என்று ஊரறிய உத்தரவு போடுகிறோம். அவளை முன்னால் நிறுத்தாதீர்கள், தனியாகப் போய், உன் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று அவளையே கேளுங்கள் என்றேன். சொன்னவனிடமும் தனியாகப் பேசுங்கள், எங்கே கற்றான் என்று விசாரியுங்கள் என்றேன். “நம்மகிட்ட இருந்தே கத்துக்கிட்டிருந்தா?” என்று நானே கேட்டுவிட்டு, இரண்டாம் வரிசையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். பார்த்துவிட்டேன். அவர் கட்டிய கையை அவிழ்த்தார்.

அப்போது அவிநாசிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் கடைசி வரிசையில் எழுந்தார். “எங்க பள்ளிக்கூடத்துல பர்மாப் பிள்ளைங்க இல்லீங்க. காலனிப் பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கும் இதேதானுங்களா?”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அடிக்கப்பட்ட பத்தி எனக்கு மனப்பாடம். முழுதாகச் சொன்னேன். ஒரு எழுத்து விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் தலையாட்டவுமில்லை. “சாப்பாட்டுக்கு நேரமாச்சுங்க” என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். கிளம்பும்போது, “நல்லொழுக்கத்தைப் பத்தி நல்லாப் பேசினீங்க” என்றார். நல்லொழுக்கம்! அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அந்த இளம் ஆசிரியர் மட்டும் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “வகுப்புல என்ன சொல்லணும்னு அப்படியே சொல்லுங்க. எனக்கு அந்த நேரத்துல வாயில வார்த்தை வராது” என்றார். சொன்னேன். “இங்க அந்த வார்த்தை கூடாது. அது ஆளைத் தாழ்த்தற வார்த்தை. பாடம் முடிஞ்சதும் என்னை வந்து பாரு.” அவர் சாம்பார்ச் சோற்றோடு அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். என்ன வேண்டும் கண்ணு என்று கேட்டேன். “பிரேயர்ல என்னைக் கூப்பிடக் கூடாது” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் வந்தாள். டிரில் மாஸ்டர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒவ்வொரு எழுத்தையும் வேண்டுமென்றே இழுத்து, எனக்குக் கேட்கும்படி. மாற்றலாகிப் போகும்வரை என்னோடு பேசவில்லை. பெயர் சொன்னாரே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து, வேறொரு பையன் கணக்குப் பாடத்தின் நடுவில் அதே வார்த்தையைச் சொன்னான். நான் சாக்பீஸை வைத்துவிட்டு அந்த மூன்று வாக்கியங்களைச் சொன்னேன். பிறகு பின்னக் கணக்குக்குத் திரும்பினோம். அவள் சிலேட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை. விடையை எல்லோருக்கும் முன்னால் போட்டுவிட்டு, அடுத்த கணக்கு எங்கே என்பதுபோல் கரும்பலகையைப் பார்த்தாள்.