‘எதிர்த்தரப்பாயின்’

எண்ணூர் தொழிற்சாலையின் குறைதீர்ப்பு விதிகளைப் பேச்சுத்தமிழில் மாற்றி, பேக்கிங் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். ‘மேற்பார்வையாளரே எதிர்த்தரப்பாயின் முறையீட்டை நேரடியாகக் குழுவிடம் சமர்ப்பிக்கலாம்’ என்ற பழைய விதி இப்படி ஆகியிருந்தது: ‘சூப்பர்வைசர் மேலயே பிராதா? அவர்கிட்ட போவாத. நேரா கமிட்டிகிட்ட சொல்லு. எழுத வராதுன்னா நாங்க எழுதிக்கிறோம்.’

முன்னால் இருந்த பெண் கேட்டாள். “இது புதுசா போட்டதா மேடம்?”

“இல்லக்கா, முன்னாடியே இருக்கு. நோட்டீஸ் போர்டுலயே ஒட்டியிருக்கு.”

“என் தங்கச்சி எங்க சூப்பர்வைசரு மேல பிராத அந்தாளுகிட்டயே போயி சொன்னா மேடம். கண்டபடி திட்டினான். மறுநாளே வேலைய வுட்டு நின்னுட்டா. அந்த போர்டுக்கு கீழதான் ரெண்டு பேரும் டெய்லி சோறு துன்னுகினு இருந்தோம்.”

அந்தப் பாழாய்ப்போன ‘எதிர்த்தரப்பாயின்’ நான் எழுதியதுதான். நல்ல தமிழ் என்று மேனேஜர் அன்று பாராட்டினார்.