ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு

அலுவலகத்தில் அவரைப் பெரிய சகலை என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் வரை அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. மனைவியின் தங்கையைக் கட்டியவன் அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், அவன் சின்னவன், இவர் பெரியவர் என்றாகி, அந்தப் பெயர் போய்விட்டது. சேர்த்துவிட்டதே இவர்தான். மாமனார் கேட்டுக்கொண்டார், மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இவரும் மேலாளர் அம்மாவிடம் நாலு நல்ல வார்த்தை சொன்னார். அந்த நாலு வார்த்தையையும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறார்.

அது பேருந்து நேரம் சொல்லும் இணையதளம் ஒன்றை நடத்தும் நிறுவனம். மூன்றாவது மாடி, இருபது மேசை, மூச்சு வாங்கும் ஒரு லிஃப்ட். வழித்தடப் பக்கங்கள் ஆமை போல் திறந்த காலத்தில், சர்வருக்கு முன்னால் கேஷ் ஒன்றை வைத்தவர் பெரியவர். ஒருவருக்குப் போன பதிலை நகலெடுத்து ஒரு மணி நேரம் வைத்திருந்து, அடுத்து கேட்பவருக்கு அதையே நீட்டும் ஏற்பாடு அது. சர்வர் தூங்கினாலும் பக்கம் வரும். அதோடு ஒவ்வொரு பதிலின் தலையிலும், பயணிகள் கண்ணில் படாத இரண்டு வரிகள் வரும்படி செய்திருந்தார். சர்வர் டைமிங் என்ற வரி, சர்வருக்குள் எந்த வேலைக்கு எத்தனை மில்லி செகண்ட் போனது என்று சொல்லும். ஏஜ் என்ற வரி, கையில் இருக்கும் நகலுக்கு எத்தனை செகண்ட் வயது என்று சொல்லும். ‘முதலில் ஏஜைப் பார், பிறகு பேசு’ என்று அட்டையில் எழுதித் தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒட்டியவரும் அவரே.

இப்போது வேகத்துக்கென்று தனிக் குழு அமைக்கப்போகிறார்கள். தலைவர் யார் என்பது அன்று பதினொரு மணிக்கு முன்னால் நடக்கும் கூட்டத்தில் முடிவாகும். ஆறு வருஷம் உழைத்த தனக்குத்தான் என்று பெரியவர் இருந்தார். ஆனால் சின்னவன் டேட்டாபேஸ் தேடலைத் திருத்தி எழுதியிருந்தான். இரண்டு செகண்ட் இழுத்தது இனிக் கண் சிமிட்டும் நேரம்தான் என்று மேலாளர் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அன்று காலை பத்தரைக்கு அதைச் சர்வரில் ஏற்றியும் விட்டான். முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில், சின்ன மாப்பிள்ளைக்கு மூளை கம்ப்யூட்டர் மாதிரி என்று மாமனார் சொன்னபோது, பெரியவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டார். ‘நான் மட்டும் என்ன கால்குலேட்டரா?’ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவியைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததையும் கவனித்தார்.

பத்து நாற்பதுக்குத் துறைமுக வழித்தடத்தின் பக்கத்தைத் திறந்து பதிலின் தலைப்பகுதியைப் பார்த்தார். சர்வர் டைமிங் வரியில் டேட்டாபேஸுக்கு 1812.4 மில்லி செகண்ட். இன்னொரு தடவை பார்த்தார். அதே எண். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பத்தரைக்கு ஏற்றியாகிவிட்டது, இன்னும் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு! கீழே இருந்த வரிகளை அவர் கண் படிக்கவில்லை. படிக்க விரும்பவும் இல்லை.

கூட்டத்தில் ஐந்து பேர். பெரியவர் தன் மடிக்கணினியைத் திரையோடு இணைத்தார். எவர் மேலும் பழி சொல்ல வரவில்லை, உண்மை என்று ஒன்று இருக்கிறதே என்ற பாணியில் நிதானமாக ஆரம்பித்து, திருத்தம் வேலை செய்யவில்லை என்றார். திரையில் பெரிதாக 1812.4. மேலாளர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சின்னவனைப் பார்த்தார்.

சின்னவன் பதறவில்லை. பதறாமல் இருப்பதே ஒரு திமிர் என்று பெரியவருக்குப் பட்டது.

“அண்ணே, இன்னொரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணுங்க,” என்றான்.

பண்ணினார். 1812.4.

“புள்ளிக்குப் பின்னாடி இருக்கற நாலுகூட மாறல. இந்தப் பதில் உங்க பிரவுசருக்கு வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பக்கத்துலயே போட்டிருக்கு பாருங்க. முப்பது மில்லி செகண்ட். முப்பதுக்குள்ள ஆயிரத்து எண்ணூறு எப்படிண்ணே நுழைஞ்சுது?”

யாரோ இருமினார்கள். பெரியவரின் காது சுட்டது. விரல் தானாகவே கீழே போய் அந்த வரியில் நின்றது. ஏஜ், 2460. நாற்பத்தொரு நிமிஷம். அப்போது மணி பத்து ஐம்பத்தைந்து. அப்படியென்றால் இந்த நகல் பத்து பதினாலுக்கு எடுத்தது. திருத்தம் ஏறியதற்குப் பதினாறு நிமிஷம் முன்பு. கேஷ் பதிலை எடுத்து வைக்கும்போது அதன் தலையில் இருந்த சர்வர் டைமிங்கையும் சேர்த்தே எடுத்து வைத்திருந்தது. இப்போது சர்வர் இதைத் தொடவே இல்லை. பழைய வலியை அந்த நகல் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அறைக்கு வெளியே, தண்ணீர்க் குடத்துக்கு மேல் இருந்த அவருடைய அட்டை கண்ணாடிச் சுவர் வழியாக நன்றாகவே தெரிந்தது.

சின்னவன் அந்தப் பக்கத்தின் இணைய முகவரியின் வாலில் கேள்விக்குறி போட்டு ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்தான். கேஷுக்கு அது புது முகவரி, கையில் நகல் இல்லை, சர்வரிடமே போயாக வேண்டும். பதில் வந்தது. ஏஜ் என்ற வரியே இல்லை. டேட்டாபேஸ் 38.6.

அத்தோடு விட்டிருந்தால் பெரியவர் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பார். ஆனால் அவன் மேலாளர் அம்மாவிடம் திரும்பி, பத்துப் பேர் கேட்டால் ஒன்பது பேருக்குக் கேஷ்தான் பதில் சொல்கிறது, அது அண்ணன் செய்தது, தன் வேலை மீதி ஒருவருக்கு மட்டும்தான் என்று சொன்னான். மேலாளர் அம்மா தலையாட்டினார். குழுவைச் சின்னவர் பார்க்கட்டும் என்றார். பழைய நகல்களை அழிக்கும் அனுமதி பெரியவரிடம் மட்டுமே இருந்ததால், அதை உடனே செய்துவிடும்படி இவரிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மேசைக்கு வந்தார். அழிக்கும் பொத்தான் திரையின் ஓரத்தில் சிவப்பாக இருந்தது. அழுத்தவில்லை. பொத்தான் வேலை செய்யாமல் இல்லை, மனசுதான் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நகல் தானாகவே செத்துவிடும். பதினொன்று பதினாலு வரை அதற்கு ஆயுசு உண்டு. அதுவரை துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு அவன் எண் போகாது, தன் கேஷின் பழைய எண்தான் போகும். பக்கத்தைத் திறக்கும் எவரும் அந்த வரியைப் படிக்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். குறுஞ்செய்தி வந்து போன் அதிர்ந்தது. மனைவி. பதவி சின்னவனுக்கு என்று தங்கை சொல்லிவிட்டாளாம், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டிருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தார்.

பதினொன்று பன்னிரண்டுக்கு இரண்டு கோப்பைத் தேநீரோடு சின்னவன் வந்தான்.

“அண்ணே, அழிச்சாச்சா?”

“ஆச்சு.”

சின்னவன் திரையைப் பார்த்தான். ஏஜ், 3480. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு கோப்பையை இவர் பக்கம் நகர்த்தினான். கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ‘போடா உன் வேலையைப் பார்த்துக்கிட்டு’ என்று சொல்லி ஆறியிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

இருவரும் குடித்தார்கள். பெரியவர் ரெஃப்ரெஷ் செய்தார். 3541. பிறகு 3577. பிறகு 3596. மறுபடி அழுத்தியபோது ஏஜ் 2. இடையில் யாரோ ஒரு பயணி கேட்டு, சர்வர் புதிதாகப் பதில் சொல்லி, கேஷ் புதிய நகலை எடுத்து வைத்துவிட்டது. டேட்டாபேஸ் 41.2.

“இப்ப ஆச்சு,” என்றான் சின்னவன், காலிக் கோப்பைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு.