கூட என்றொரு சொல்

இடுப்பளவு தண்ணீரில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் நிற்கும் நாத்தனார்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறாள். பெரும்பாக்கத்துக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு நிலம். காலை வெயில் கோரைப்புல்லின் மேல் ஏறிக்கொண்டிருக்கும். மார்புவரை வரும் ரப்பர் உடைக்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டும். மூக்கின் மேல் கொசு உட்கார்ந்தாலும் கையை எடுக்கமாட்டாள். அவள் கைகளுக்குக் கீழே, தண்ணீரில் விரித்த பெரிய பாய் ஒன்றைப்போல, சாம்பல் நிறத்தில் அது கிடக்கும். வேறெங்கிருந்தோ நம் பூமிக்கு வந்து சேர்ந்த அந்த உயிரை நாங்கள் 'விருந்தாளி' என்றோம். அழைக்காமல் வந்ததற்கு அதைவிட நல்ல பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

நாத்தனார் என் கணவரின் தங்கை. கண்ணும் தெரியாத, காதும் கேட்காத குழந்தைகளுக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. நான் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் மொழியியல் கற்பிப்பவள். அகராதியோ மொழிபெயர்ப்பாளரோ இல்லாமல், பேசுபவரிடமிருந்தே ஒரு மொழியைக் கற்கும் முறையில் பயிற்சி பெற்றவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் வந்தவர்கள் விளக்குகளை ஏற்றி அணைத்துப் பார்த்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் எண்களை வரிசையாகத் தட்டிப் பார்த்திருந்தார்கள். விருந்தாளிக்குக் கண்ணும் இல்லை, காற்றில் வரும் ஓசையைக் கேட்கும் உறுப்பும் இல்லை. நீரின் அசைவையும் சூட்டையும் அழுத்தத்தையும் தோல் முழுவதாலும் உணர்ந்தது. அதன் ஓரங்களில் மடிப்புகள் எழுந்து அடங்கிக்கொண்டே இருக்கும். அந்த மடிப்புகள்தான் பேச்சோ என்று எங்களுக்குச் சந்தேகம்.

நான் பழக்கப்பட்ட வழியில் தொடங்கினேன். ஒரு கல்லைத் தண்ணீரில் வைத்து எழும் மடிப்பைப் படம்பிடிப்பது, பிறகு ஒரு தேங்காயை வைத்துப் படம்பிடிப்பது. மனிதர்களிடம் இது பலிக்கும். கல்லைக் காட்டினால், எந்த நாட்டுக்காரரும் கல்லுக்குத் தம் மொழியில் என்ன பெயரோ அதைச் சொல்லிவிடுவார். இங்கே ஒரே கல்லுக்கு ஒவ்வொரு முறையும் வேறு மடிப்பு வந்தது. அது கல்லைப் பற்றியதா, கல்லின் குளிர்ச்சியைப் பற்றியதா, கல் வந்து சேர்ந்ததைப் பற்றியதா, வைத்த என்னைப் பற்றியதா, இல்லை வெறும் மூச்சா? ஒரே நேரத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அந்த மடிப்பின் மேல் உரிமை இருந்தது. சுட்டிக்காட்டலாம் என்று விரலை நீட்டினால், விரலும் அதற்கு இன்னொரு பொருள்தான். விரலை விட்டு, விரல் நோக்கும் திசையில் கவனத்தைச் செலுத்த வேண்டும் என்பதே மனிதர்களுக்குள் இருக்கும் ஒரு பெரிய உடன்பாடு என்பது எனக்கு அந்தச் சேற்றில்தான் உறைத்தது. மோட்டார் போட்டு நீர்மட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெரும்பாக்கத்து அண்ணன் ஒருநாள் கேட்டார்: "இன்னா மேடம், டெய்லி கல்லப் போட்டுகினே கீறீங்க. அது பேஜாராயிடாதா?"

அதே கேள்வியைத்தான் நாத்தனாரும் வேறு விதமாகக் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே நான் எடுத்த படங்களைப் பார்த்தவள், "அண்ணி, இதுக்கு உங்ககிட்ட பேசணும்னு என்ன அவசியம்?" என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அவள் விடவில்லை. "எங்க பசங்ககிட்ட நாங்க பொருள்ல ஆரம்பிக்கமாட்டோம். ஒரு குழந்தைக்குப் பிடிச்ச அசைவை அது கூடவே சேர்ந்து செய்வோம். ஊஞ்சல் மாதிரி ஆடுவோம். நடுவுல நிறுத்திடுவோம். அப்புறம் காத்திருப்போம். அது சின்னதா எதையாவது செய்யும், தோளை அசைக்கும், கையை அழுத்தும். உடனே திரும்ப ஆடணும். 'நான் இதைச் செஞ்சா அவ அதைச் செய்யறா'ன்னு அதுக்குப் புரியணும். பேரெல்லாம் அப்புறம்தான்."

தொடுவதால் இரு தரப்புக்கும் கெடுதல் இல்லை என்று மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்ததால், அவளைத் தண்ணீரில் இறக்க அனுமதி கிடைத்தது. விருந்தாளியின் ஓரம் ஒரு சீரான தாளத்தில் ஏறி இறங்கும் என்பதை அவள் முதல் நாளே கண்டுகொண்டாள். அந்தத் தாளத்திலேயே உள்ளங்கைகளை அழுத்தி எடுத்தாள். மெல்ல மெல்ல யார் தாளத்தை யார் பின்பற்றுகிறார்கள் என்பது தெரியாமல் போனது. அங்கே நிறுத்தினாள். கைகளை எடுக்கவில்லை, அசைக்கவும் இல்லை. நான் முதலில் சொன்ன காட்சி அதுதான். கரையில் நின்ற எங்களுக்குத்தான் அந்தக் காத்திருப்பு தாங்கவில்லை. 'இன்னொரு தடவை அழுத்தேன்' என்று நானே கத்தியிருக்கிறேன். அவள் தலையை மட்டும் ஆட்டி மறுப்பாள். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை அவள் வலது கைக்குக் கீழே இரண்டு குட்டை மடிப்புகளும் ஒரு நீள மடிப்பும் எழுந்தன. அவள் உடனே அழுத்தத் தொடங்கினாள். நிறுத்தினாள். மறுபடி அதே இரண்டு குட்டை, ஒரு நீளம். அவள் முகம் சிரிப்பும் அழுகையுமாக மாறியதை நான் கரையிலிருந்தே பார்த்தேன்.

"'மறுபடி'ன்னு சொல்லுது அண்ணி!" என்று கத்தினாள். மோட்டார் அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கிவந்தார்.

அங்கிருந்துதான் என் வேலை தொடங்கியது. ஆசைப்படுகிற கண்ணுக்கு ஆசைப்பட்டதுதான் தெரியும். நாத்தனார் தன்னையறியாமல் விரலை இறுக்கி, அதையே விருந்தாளி எதிரொலிக்கிறதோ என்னவோ. அதனால் விருந்தாளியின் உடல் மட்டும் தெரியும்படி படங்களை வெட்டி, எதிரே யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அறியாத ஒருவரிடம் மடிப்புகளைக் குறிக்கச் சொன்னோம். அவள் கைகளைத் தனியே படமெடுத்துப் பார்த்ததில் விரல்கள் அசையவே இல்லை; அந்த மடிப்போ அவர் குறிப்பிலும் தனித்து நின்றது. அடுத்து, 'மறுபடி' என்பதுதான் பொருள் என்றால் வேறு இன்பங்களுக்கும் அது வரவேண்டும். விருந்தாளி வெதுவெதுப்பான நீரை விரும்பி வரும். குழாயில் அந்த நீரை விட்டு நிறுத்தினோம். அது குழாயையே சுற்றிச்சுற்றி வந்தது; ஆனால் அந்த மடிப்பு எழவில்லை. தாளத்தில் அழுத்தும் ஒரு பொறியைச் செய்து வைத்தோம். அதற்கும் இல்லை. நான் இறங்கிக் கையால் அழுத்தி நிறுத்தினேன், எழுந்தது. சரி, மனிதக் கைக்கு மட்டும் உரிய 'மறுபடி'யோ என்று நினைத்திருந்தபோது, ஒருநாள் நாத்தனார் அதன் ஓரத்தில் கைவைத்தபடி கரையோரமாக நடந்தாள். அவள் எதையும் நிறுத்தவில்லை. நிற்காத ஒன்றை மறுபடி செய்யச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மடிப்பு எழுந்தது. எழுந்தபின் அது அவளோடு நகர்ந்தது.

"அப்போ இது 'மறுபடி' இல்லடி," என்றேன். "'சேர்ந்து'ன்னு சொல்லுது."

அவள் முகம் வாடியது. பிறகு, "நம்ம 'கூட' மாதிரியா அண்ணி?" என்றாள். "கூடக் கொஞ்சம் போடுன்னாலும் கூட. என்கூட வான்னாலும் கூட."

நான் அன்று இரவு வீட்டில் அதையே சொல்லிச்சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். விருந்தாளியின் சொல்லும் நம் சொல்லும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தும் என்று நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் இரண்டும் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டன. சொல்வது மட்டும் போதாது, நாம் சொன்னால் அதற்குப் புரியவேண்டும் என்பதால், அதையும் சோதித்தோம். இரண்டு குட்டை, ஒரு நீளமாக அழுத்திவிட்டு நடந்தால் விருந்தாளி உடன் வந்தது. நீளத்தை முன்னால் மாற்றி அழுத்திவிட்டு நடந்தால் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

கோடையில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. மோட்டாரால் ஈடுகொடுக்க முடியவில்லை. விருந்தாளியின் ஓரங்கள் வெளுத்தன. படப்பைப் பக்கம் ஆழமான ஓர் ஏரிக்கு அதை மாற்றுவது என்று முடிவானது. கிரேன் வைத்து வலையில் தூக்கிவிடலாம் என்றார் பொறுப்பிலிருந்த அதிகாரி. நல்ல மனிதர், அவருக்கு அது செத்துவிடக் கூடாதே என்ற பயம். எங்களுக்கு வேறு பயம். தூக்குவது அதற்கு எப்படிப் புரியும்? பிறகு எந்தக் கையை அது நம்பும்? 'ஒரு முறை கேட்டுப் பார்க்கிறோம்' என்று மன்றாடி ஒரு முற்பகல் நேரத்தை வாங்கினோம். லாரியில் ஏற்றும் பெரிய இரும்புத் தொட்டியைப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து நீருக்குள் இறக்கினார்கள். ஆபத்து என்பதால் நாத்தனார் தொட்டிக்குள் போகக் கூடாது, வாசலில் நின்று சொல்ல வேண்டும் என்பது கட்டளை.

வாசலில் நின்று இரண்டு குட்டை, ஒரு நீளம் அழுத்தினாள். விருந்தாளி வாசல்வரை வந்து நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள். அதுவும் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னது, நகரவில்லை. கிரேன்காரர் இயந்திரத்தை உறுமவிட்டார். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, நான் பொய் சொல்றேன்னு அதுக்குத் தெரியுது. 'கூட'ன்னு சொல்லிட்டு வெளியிலயே நிக்கறேன்." அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், மோட்டார் அண்ணன், "போவட்டும் விடு சார், அது தங்கமான கொயந்த மாதிரி கீது" என்றார். அதிகாரி தொட்டியையும் வெளுத்த ஓரங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். அவள் உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி நின்று, கைகளை நீட்டி, அந்தச் சொல்லை ஒரே ஒரு முறை சொன்னாள். சேலைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல அவ்வளவு சாதாரணமாக, விருந்தாளி தன் முழு உடலையும் தொட்டிக்குள் இழுத்துக்கொண்டது.

தொட்டியை லாரியில் ஏற்றியபோதும், தான் வெளியே வந்தால் அது கலவரப்படும் என்று அவள் இறங்க மறுத்துவிட்டாள். மேடவாக்கம் தாண்டி, தாம்பரம் நெரிசலில் ஊர்ந்து, முடிச்சூர் வழியாக அந்த லாரி போனபோது என் நாத்தனார் இடுப்பளவு தண்ணீரில் ஊர்வலம் போனாள். பேருந்து ஜன்னலிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் கையசைத்தார்கள். அவளால் கையை எடுக்க முடியாததால் தலையை ஆட்டினாள். அவ்வளவு மகிழ்ச்சியான முகத்தை நான் அவளிடம் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அடுத்த கல்வியாண்டில் அவள் தன் பள்ளிக்கே திரும்பிவிட்டாள். குழந்தைகள் காத்திருப்பதாகச் சொன்னாள். இப்போது ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு கட்டடமும், நல்ல கருவிகளும், விருந்தாளியோடு பகிர்ந்த கொஞ்சம் சொற்களும் இருக்கின்றன. 'வெதுவெதுப்பு'க்கு ஒரு மடிப்பு, 'போதும்' என்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றையும் பிடிக்க அதே பாடுதான்.

போன மாதம் ஒரு மாலை, தண்ணீரில் யாருமே இல்லாதபோது, கரைச் சேற்றில் ஓரத்தை அழுத்திக்கொண்டு விருந்தாளி அந்த முதல் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அழைக்கிறதா, நினைத்துப் பார்க்கிறதா, தனக்குத்தானே பேசுகிறதா என்று எங்களுக்குள் பெரிய விவாதம். எப்படிச் சோதிப்பது என்று தெரியாமல் நாத்தனாருக்கு ஃபோன் செய்தேன். பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணி, அதை அப்புறம் கண்டுபிடிக்கலாம்," என்றாள். "இப்போ யாராவது இறங்குங்களேன்."

ரப்பர் உடையைத் தேடாமல், செருப்பை மட்டும் கரையில் விட்டுவிட்டு நான் தண்ணீரில் இறங்கினேன்.