முன் தோற்றம் இல்லாத கணக்கு

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் பிடித்தேன், சோறு வடித்தேன், மகளுக்கு எடுத்து மூடி வைத்தேன். திருச்சுழியில் பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் இறங்கினேன். கணவர் இறந்த பிறகு ஞாயிறுகள் இந்த வரிசையில்தான் நடக்கின்றன.

அரசுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு ஒரு கடையின் மாடியில் நடக்கிறது. அன்று மாதிரித் தேர்வின் முடிவு சொல்லும் நாள். முதலாவதாக வருபவருக்கு அடுத்த வகுப்பு இலவசம். அது கிடைக்காவிட்டால் எனக்கு அன்றோடு படிப்பு முடிந்தது.

ரெட்டியபட்டியிலிருந்து வரும் பெண் முதலாவது. நான் ஒரு மதிப்பெண் குறைவு. என் தாளில் ஒரே ஒரு கேள்விதான் தவறு என்று போட்டிருந்தது. அடுக்கிய கன சதுரங்களின் மேல் தோற்றமும் பக்கத் தோற்றமும் கொடுத்து, மொத்தம் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். நான் எட்டு என்று குறித்திருந்தேன். விடை ஒன்பது.

"எப்படி சார் ஒம்போது?" என்று கேட்டேன்.

சார் பலகையில் மேல் தோற்றத்தை வரைந்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம். பக்கத்திலிருந்து பார்த்தால் முன்வரிசை ஒன்று உயரம், பின்வரிசை மூன்று உயரம். முன்வரிசைக் கட்டங்களில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதினார். பின்வரிசையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எழுதிவிட்டுக் கை நின்றது.

"ரெண்டுன்னு எதை வச்சு எழுதுனேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பின்வரிசையில் ஏதாவது ஓர் அடுக்கு மூன்று இருந்தால் போதும். மற்ற இரண்டும் ஒவ்வொன்றாக இருந்தால் மொத்தம் எட்டு. எல்லாமே மூன்றானால் பன்னிரண்டு. இடையில் எதுவும் வரலாம்.

அந்தக் கணக்கு இருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அதில் மூன்றாவதாக முன் தோற்றமும் இருந்தது: மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும் படிக்கட்டு போல. அது இருந்தால் ஒன்பதுதான், வேறு எண் வராது. கேள்வித்தாளை ஒரே தாளில் அடக்க டைப் அடித்தவர் அந்தப் படத்தை எடுத்துவிட்டிருந்தார்.

"ஏய், நீ எப்படி ஒம்போது போட்ட?" என்று முதலாவது வந்தவளைக் கேட்டான் பின்பெஞ்சில் ஒருவன், அவளுடைய ஊர்க்காரன்.

"புக்குல போட்ட கணக்கு, ஞாபகம் இருந்துச்சு. நீ பன்னெண்டு போட்டியே, உனக்கு எது ஞாபகம் வந்துச்சு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சார் கேள்வியை ரத்து செய்தார். அவளுக்கு ஒன்று குறைந்து இருவரும் சமமானோம்.

"சமமா வந்தா வயசுல மூத்தவுகளுக்கு. நம்ம வழக்கம் அதான்," என்றார்.

"அப்ப அக்காவுக்குத்தான்," என்றாள் அவள், புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டே. "நான் வீட்ல ஃபீஸ் கேட்டுப் பாக்குறேன்." குரலில் கோபம் இல்லை. ஜெயித்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இலவசமாகக் கிடைத்த அந்த வகுப்பு வாரநாள் காலைகளில். மறுநாள் முதல் வேலையாக, நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடை முதலாளியிடம் போய், "இனிமே மத்தியானத்துல இருந்து வாரேன் அண்ணாச்சி, சம்பளத்தப் பாதியா குடுங்க," என்றேன்.